கலர் பாத்து பழம் வாங்குறது எப்படி: தக்காளி, வாழை, மாங்கா மூணுக்கும் ஒரே கணக்கு இல்ல

போன வருஷம் ஜூன் மாசம் என் தங்கச்சி மகளுக்கு சடங்கு வச்சோம், சுங்கை சிப்புட்ல எங்க வீட்டுலயே, ஞாயித்துக்கிழமை மத்தியானம். பழம் காய்கறி வாங்குற பொறுப்பு என்னோடது. ஒரு வாரத்துக்கு முன்னாடியே காயா வாங்கிட்டா வெல கம்மி, சடங்கு அன்னைக்கு சரியா பழுத்துடும்னு நெனச்சு வாங்கி வச்சேன், மூணுமே கைவிட்டுடுச்சு. தக்காளி செவக்கவே இல்ல, ஆரஞ்சு கலர்லயே நின்னு தொளதொளன்னு ஆயிடுச்சு. வாழைக்காய் சீக்கிரம் பழுத்துடக்கூடாதுன்னு ஐஸ்பெட்டில வச்சேன், தோலு சாம்பல் பூத்து கருத்துப்போய் அதுக்கப்புறம் பழுக்கவே மாட்டேன்னுடுச்சு. ஹரும்மானிஸ் மாங்கா ஆறு கிலோ, கிலோ 28 வெள்ளி, மஞ்சளாகட்டும் மஞ்சளாகட்டும்னு காத்திருந்தேன், வெட்டிப் பாத்தா பாதிக்கு மேல கொட்டைய சுத்தி அழுகி இருந்துச்சு. 168 வெள்ளில நூறு வெள்ளி குப்பைக்கு போச்சு. என் தங்கச்சி முகத்தை பாக்கவே கஷ்டமா இருந்துச்சு.

அதுக்கப்புறம் டவுன்ல மொத்தமா பழம் எடுத்து விக்கிற ஒரு அண்ணேகிட்ட போயி உக்காந்து கேட்டு, வீட்டுலயும் மாசக்கணக்கா வச்சு பாத்து கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன். விசேஷத்துக்கு பழம் வாங்கப்போறவங்க, புதுசா கல்யாணம் ஆகி தனிக்குடித்தனம் வந்தவங்க, யாரா இருந்தாலும் இது ஒத்துவரும்.

ஒரு விஷயம் மட்டும் முதல்லயே மனசுல வச்சுக்குங்க. தோல் கலர் மாறுறதுல ரெண்டு வேலை இருக்கு. ஒண்ணு, பச்சை கரைஞ்சு போறது. இன்னொண்ணு, புதுசா கலர் உண்டாகுறது. வாழைத்தோல்ல மஞ்சள் காயா இருக்கும்போதே உள்ள இருக்கு, பச்சை போனதும் வெளிய தெரியுது, அவ்வளவுதான். தக்காளில செகப்பு அப்படி இல்ல, லைக்கோபீன்னு ஒரு சாயம், பழுக்கும்போதுதான் புதுசா உண்டாகுது. மாங்காய்ல ரகத்துக்கு ரகம் வேற. வாழையில பச்சை கரையுறதும் தக்காளில செகப்பு உண்டாகுறதும் சூட்டுக்கு கெட்டுப்போகும், ஆனா சதை இளகுற வேலை சூட்டுல நிக்காது. அதனாலதான் நம்ம ஊரு வெயில்ல தோலும் சதையும் ஒரே வேகத்துல போறதில்ல.

1. முதல்ல ரகத்தோட பேரை கேளுங்க

கலரை பாக்குறதுக்கு முன்னாடி இது என்ன ரகம்னு தெரியணும், ஏன்னா சில ரகம் பழுத்தாலும் பச்சையாத்தான் இருக்கும். பெர்லிஸ்ல இருந்து வர்ற ஹரும்மானிஸ் அப்படித்தான், நல்லா பழுத்தப்புறமும் தோலு பச்சைதான். அதுவே சோக்கானன் மாங்கா பழுத்தா தங்கம் மாதிரி மஞ்சளாயிடும். வாழையில பிசாங் மாசாக் ஹிஜாவ்னு ஒண்ணு இருக்கு, மலாய்ல அந்த பேரே பச்சையா பழுக்குறதுன்னுதான் சொல்லுது, பேரு வச்சவங்க வெவரமா வச்சிருக்காங்க. இதெல்லாம் மஞ்சளாகட்டும்னு காத்திருந்தா எனக்கு ஆன கதைதான்.

பெட்டியா வாங்குறீங்கன்னா மேல ஒட்டியிருக்குற லேபிளை படிங்க, விவசாய சந்தை வாரியம் ஃபாமாவோட விதிப்படி பழத்தோட பேரு, கிரேடு, எடை எல்லாம் போட்டிருக்கணும். ஆனா எப்ப வெட்டுனதுன்னு அதுல பாத்து சொல்ல முடியாது, அதை தவுக்கேகிட்ட வாயால கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். நான் இப்பல்லாம் பில்லு பின்னாடியே எழுதி வாங்கிடுறேன்: ரகம், என்னைக்கு வெட்டுனது, என்னைக்கு கடைக்கு வந்துச்சு. எழுதச் சொன்னா கோவிச்சுக்குவாங்களோன்னு நெனைக்காதீங்க, விசேஷத்துக்குன்னு சொன்னா எழுதித்தருவாங்க.

2. கூடாரத்துக்கு வெளிய எடுத்து பாருங்க

பசார் மாலாம்ல செகப்பு கித்தான் போட்ட கடையில தக்காளி எல்லாம் நல்லா செவந்து இருக்குற மாதிரி தெரியும், வீட்டுக்கு கொண்டாந்து டியூப் லைட்டுல பாத்தா பாதி ஆரஞ்சு. மஞ்சள் பல்பு போட்டா வாழைப்பழமும் அப்படித்தான், காம்பு பக்கம் இருக்குற பச்சை கண்ணுக்கு தெரியாது. கடைக்காரரை குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல, கித்தான் மழைக்கு போட்டது. நீங்க ஒண்ணே ஒண்ணை கையில எடுத்து வெளிய வெளிச்சத்துல பாருங்க, ராத்திரின்னா கைப்பேசி டார்ச்சை அடிச்சு பாருங்க, வெள்ளை வெளிச்சத்துல கலர் உள்ளபடி தெரியும்.

3. தக்காளி: அடிப்பக்கத்தை பாருங்க

மூணுலயும் தக்காளிதான் கலரை நம்பி வாங்கக்கூடியது. காம்புக்கு எதிர்ப்பக்கம், அதாவது அடியில, மொதல்ல வெளுத்து ஒரு ரோஸ் கலர் பொட்டு மாதிரி வரும், அப்புறம் மேல ஏறும். அந்த பொட்டு வந்துடுச்சுன்னா செடியில இருந்து பறிச்சிருந்தாலும் அது கண்டிப்பா பழுக்கும். தோல்ல பாதி அளவு ரோஸ் ஏறியிருந்தா இன்னும் மூணு நாள், கிட்டத்தட்ட முழுசும் செவந்து காம்பை சுத்தியிருக்குற தோள்பட்டையில மட்டும் மஞ்சள் இருந்தா ஒரு நாள், ஒன்றரை நாள்.

முழு பச்சையா இருக்குற தக்காளிதான் ஆபத்து. முத்துன பச்சையும் பிஞ்சு பச்சையும் வெளிய பாத்தா ஒரே மாதிரி இருக்கும். ஒண்ணே ஒண்ணை காசு குடுத்து வாங்கி அங்கேயே குறுக்கால வெட்டிப் பாருங்க. கத்தி போற எடத்துல விதை ரெண்டா வெட்டுப்பட்டா பிஞ்சு, அது பழுத்தாலும் ருசி இருக்காது. விதையெல்லாம் வழுவழுன்னு ஜெல்லிக்குள்ள இருந்து, கத்தி பட்டதும் வெட்டுப்படாம நழுவி ஒதுங்குச்சுன்னா முத்துனது, வாங்கலாம்.

என் தக்காளி ஏன் செவக்கல தெரியுமா? எங்க வீட்டு அடுப்பங்கரை தகரக்கூரை, நான் வச்சது மேல் ஷெல்ஃப்ல. அப்புறமா ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வச்சு பாத்தேன், மத்தியானம் ரெண்டு மணிக்கு அங்க 34 டிகிரி. 30 டிகிரிக்கு மேல போச்சுன்னா அந்த செகப்பு சாயம் சரியா உண்டாகாது, ஆனா பச்சை கரைஞ்சுடும், சதையும் இளகிடும். அதனால மஞ்சளும் ஆரஞ்சுமா நிக்கும். இன்னும் ரெண்டு நாள் வச்சா செவக்கும்னு காத்திருக்காதீங்க, அது அழுகத்தான் போகும்.

4. வாழை: கலரோட சேத்து விளிம்பையும் பாருங்க

பழக்கடைக்காரங்க வாழைத்தோலை ஏழு கட்டமா பிரிப்பாங்க. முழு பச்சை ஒண்ணு, பச்சையில லேசா மஞ்சள் ரெண்டு, பச்சை அதிகம் மஞ்சள் கம்மி மூணு, மஞ்சள் அதிகம் பச்சை கம்மி நாலு, உடம்பெல்லாம் மஞ்சள் ரெண்டு முனை மட்டும் பச்சை அஞ்சு, முழு மஞ்சள் ஆறு, மஞ்சள்ல பழுப்பு புள்ளி விழுந்தா ஏழு. இலையில வைக்க ஆறு நல்லது, பஜ்ஜி மாதிரி பொரிக்கவும் பணியாரத்துல பெசையவும் ஏழு.

இங்க ஒரு தப்பான பேச்சு சுத்துது. பழம் மஞ்சளா இருந்து காம்பு பச்சையா இருந்தா மருந்து வச்சு பழுக்க வச்சதுன்னு சொல்லுவாங்க, எங்க பெரியம்மாவும் அப்படித்தான் சொல்லி ஒரு சீப்பை திருப்பி குடுத்தாங்க. பாவம், அது வெறும் அஞ்சாவது கட்டம். எல்லா வாழையும் முனை கடைசியாத்தான் மஞ்சளாகும், அதை வச்சு ஒண்ணும் முடிவு பண்ணாதீங்க.

கலரை விட முக்கியம் விளிம்பு. காயா இருக்கும்போது ஒவ்வொரு பழத்துலயும் நீளவாக்குல வரம்பு மாதிரி இருக்கும்ல, அது கூர்மையா கையில தட்டுப்பட்டா முத்தாம வெட்டுனது. மஞ்சளாகும், ஆனா இனிப்பு இருக்காது, சப்புன்னு இருக்கும். விளிம்பு மழுங்கி உருண்டையா இருக்குறதை எடுங்க.

சூட்டு வெவகாரம் வாழையிலயும் இருக்கு. பெரிய கடையில ஸ்டிக்கர் ஒட்டி விக்கிற காவெண்டிஷ் வாழை 25 டிகிரிக்கு மேல இருந்தா தோல்ல பச்சை முழுசா போகாது, உள்ள சதை பழுத்துடும். குளுகுளுன்னு ஒரு ரூம்ல வச்சு பழுக்க வைக்கிறதாலதான் கடையில அவ்வளவு பளிச்சுன்னு மஞ்சளா இருக்கு. பெராங்கான் வாழையும் எங்க வீட்டுல அந்த அளவுக்கு பளிச்சுன்னு வராது, ஒரு மங்கல் மஞ்சள்தான். அதனால வீட்டுல பழுக்க வைக்கிறவங்க நாலாவது கட்டம் வந்ததுமே ஒரு பழத்தை உரிச்சு தின்னு பாருங்க. ரொம்ப நாள் விட்டா சீப்புல இருந்து பழம் ஒவ்வொண்ணா கழண்டு விழும், கையில தூக்குனா காம்பு மட்டும் வரும். இலையில சீப்பா வைக்க முடியாது.

5. மாங்கா: செகப்பை நம்பாதீங்க, தோள்பட்டையை நம்புங்க

இதுலதான் எல்லாரும் ஏமாறுறோம், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

சில மாங்கா ஒரு கன்னம் செவந்து அழகா இருக்கும், பாத்ததும் கை போயிடும். அந்த செகப்புக்கும் பழுத்ததுக்கும் சம்பந்தமே இல்ல. மரத்துல வெயில் பட்ட பக்கம் செவக்கும், இலை மறைவுல இருந்த பக்கம் செவக்காது, பிஞ்சுக்கே செகப்பு வந்துடும். நீங்க பாக்க வேண்டியது செகப்புக்கு அடியில இருக்குற தரைக்கலர். செவக்காத பக்கமா திருப்பி பாருங்க, அங்க கரும்பச்சை வெளுத்து இளம்பச்சையாகி மஞ்சள் ஓடுதான்னு பாருங்க. சோக்கானன் மாதிரி ரகத்துக்கு இது போதும்.

ஹரும்மானிஸ் மாதிரி பச்சையா பழுக்குறதுக்கு கலர் பாதி வழிதான் காட்டும். காயா இருக்கும்போது அடர் பச்சை, மேல வெள்ளையா மாவு பூசுன மாதிரி இருக்கும். பழுக்க பழுக்க பச்சை கொஞ்சம் தெளிஞ்சு இளசாகும், காம்பை சுத்தி ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள் கலந்த பச்சை தெரியும். அவ்வளவுதான் மாறும், அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க. மிச்சத்தை மூக்கும் விரலும்தான் சொல்லணும். காம்புகிட்ட மோந்து பாருங்க, வாசம் வந்துடுச்சா? கட்டைவிரலால காம்புக்கு பக்கத்துல மெதுவா அழுத்துங்க, நடுவயித்துல அழுத்தாதீங்க, அழுத்துன எடம் கருத்துடும். லேசா உள்ள போச்சுன்னா அன்னைக்கே வெட்டிடுங்க.

சரி, காயா வாங்கும்போது முத்துனதா இல்லையான்னு எப்படி பாக்குறது? காம்பு எடத்தை பக்கவாட்டுல வச்சு பாருங்க. பிஞ்சுல காம்புல இருந்து ரெண்டு பக்கமும் தோள்பட்டை கீழ சரிஞ்சு போகும், ஒல்லியான ஆளு தோளு மாதிரி. முத்துனதுல தோள்பட்டை மேல எழும்பி, காம்பு ஒரு சின்ன குழிக்குள்ள உக்காந்திருக்கும். கன்னமும் பொதபொதன்னு இருக்கும். வீட்டுக்கு வந்து இன்னொரு சோதனை பண்ணலாம், ஒரு வாளி தண்ணில போடுங்க. முழுகுனது முத்துனது, மெதக்குறது பிஞ்சு. மெதக்குறதை பழுக்க வைக்காதீங்க, சுருங்கி தோலு ரப்பர் மாதிரி ஆயிடும், ஊறுகாய்க்கோ பச்சடிக்கோ வச்சுக்குங்க. சோதனை முடிஞ்சதும் நல்லா தொடச்சு காய வைங்க, ஈரத்தோட அடுக்குனா காம்புல இருந்து அழுகல் ஆரம்பிக்கும்.

எல்லா மாங்காயும் ஒரே மாதிரி எலுமிச்சை மஞ்சள்ல, ஒரு பொட்டு வித்தியாசம் இல்லாம இருந்து, மோந்தா வாசமே இல்ல, தொட்டா கல்லு மாதிரி இருக்குன்னா வாங்காதீங்க. பிஞ்சுல வெட்டி கார்பைட் கல்லு வச்சு தோலை மட்டும் மஞ்சளாக்கியிருக்கலாம். மரத்துல இருந்து வந்தது நாலு காய் நாலு விதமாத்தான் பழுக்கும்.

6. வீட்டுல எங்க வைக்கிறது

தெர்மாமீட்டர் அஞ்சு வெள்ளிதான், வாங்கிடுங்க. அதை வீட்டுல நாலு எடத்துல வச்சு மத்தியானம் ரெண்டு மணிக்கு பாருங்க. எங்க வீட்டுல மேல் ஷெல்ஃப் 34, சாமான் ரூம் சிமெண்டு தரை 28. ஒரே வீடு, ஆறு டிகிரி வித்தியாசம். இப்ப எல்லாமே தரையில, பழைய பேப்பர் விரிச்சு, ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தாம வைக்கிறேன்.

அவசரமா பழுக்கணும்னா பேப்பர் பையில ஒரு பழுத்த வாழைப்பழத்தோட சேத்து கட்டி வைங்க, இல்ல அரிசி தோங்குக்குள்ள பொதச்சு வைங்க, அம்மா காலத்துல இருந்து பண்றதுதான். பழம் விடுற எத்திலீன்ங்கிற வாயு வெளிய போகாம அங்கேயே தங்குறதால சீக்கிரம் பழுக்குது. பிளாஸ்டிக் பையில மட்டும் கட்டாதீங்க, வேர்த்து பூசணம் புடிச்சிடும். அரிசியில பொதச்சதை தினமும் கைவிட்டு பாருங்க, மறந்துட்டா அரிசியும் சேந்து நாறிடும்.

7. ஞாயித்துக்கிழமை விசேஷத்துக்கு நாள் கணக்கு

இந்த வருஷம் அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம், இதுவும் ஞாயிறு மத்தியானம், சுமார் 150 பேரு. அப்ப நான் பண்ணதை அப்படியே சொல்றேன்.

செவ்வாய்க்கிழமை சோக்கானன் பத்து கிலோ வாங்குனேன், கிலோ 8 வெள்ளி, எல்லாம் தோள்பட்டை எழும்புன கெட்டிக்காய். வாளில போட்டதுல மூணு மெதந்துச்சு, அதை எடுத்து பச்சடிக்கு ஒதுக்கிட்டேன். புதன்கிழமை கேமரன் தக்காளி எட்டு கிலோ, கிலோ 5 வெள்ளி. அதுல அஞ்சு கிலோ பாதி ரோஸ் ஏறுனது, பச்சடிக்கு வெட்டுறதுக்கு கெட்டியா வேணும்னு. மூணு கிலோ ஏறக்கொறைய செவந்தது, சனிக்கிழமை ராத்திரியே ரசத்துக்கும் குழம்புக்கும் போறதுக்கு. வியாழக்கிழமை பெராங்கான் பன்னெண்டு சீப்பு, மூணாவது கட்டம், 18 கிலோ வந்துச்சு, கிலோ 6 வெள்ளின்னு 108. மொத்தம் 228 வெள்ளி.

தினமும் காலையிலயும் ராத்திரியும் டைரில ஒரு வரி எழுதுனேன். வெள்ளிக்கிழமை காலையில ரெண்டு மாங்கா மட்டும் மத்ததை விட முன்னாடி மஞ்சளாயிடுச்சு, உடனே எடுத்துட்டேன், இல்லைன்னா அது விடுற வாயு மத்ததையும் இழுத்துட்டு போயிடும். சனிக்கிழமை காலையில வாழை நான் நெனச்சதை விட வேகமா அஞ்சாவது கட்டத்துக்கு வந்துடுச்சு. எல்லா சீப்பையும் எடுத்து, ஜன்னலை தொறந்து, ஒவ்வொண்ணையும் தள்ளித்தள்ளி வச்சு ஃபேனை போட்டுவிட்டேன். ஞாயிறு காலையில ஆறாவது கட்டம், ஒரு பழம் கூட கழண்டு விழல. தக்காளி சனிக்கிழமை சாயந்திரமே முழுசா செவந்துடுச்சு. மாங்கா வெட்டும்போது ஒண்ணே ஒண்ணுதான் உள்ள புளிச்சுப்போய் இருந்துச்சு.

நீங்க பண்ணும்போது உங்க வீட்டு சாமான் ரூம் 31, 32 டிகிரின்னா வாழையை வெள்ளிக்கிழமை வாங்குங்க, தக்காளியை செவந்ததாவே வாங்கிடுங்க. கிலோவுக்கு அம்பது காசு, ஒரு வெள்ளி கூட ஆனாலும் பரவால்ல.

8. ஐஸ்பெட்டி எப்ப

காயா இருக்கும்போது மூணையும் உள்ள வைக்கவே கூடாது. 12, 13 டிகிரிக்கு கீழ போனா காய்க்கு குளிர் தாக்கிடும், ஐஸ்பெட்டி உள்ள நாலு டிகிரி. வாழைத்தோல் சாம்பலாகும், மாங்காத்தோல்ல பள்ளம் பள்ளமா கறை விழும், தக்காளி ருசி போயிடும், வெளிய எடுத்தாலும் அப்புறம் ஒழுங்கா பழுக்காது. பழுத்து முடிஞ்சப்புறம் வைக்கலாம், மாங்கா நாலஞ்சு நாள் தாங்கும், தக்காளி மூணு நாலு நாள், வெட்டுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வெளிய எடுத்து வைங்க. நல்லா பழுத்த வாழையை உள்ள வச்சா மறுநாளே தோல் கருப்பாயிடும், அதை பாத்து தூக்கி போட்டுடாதீங்க, உரிச்சு பாருங்க, உள்ள சதை வெள்ளையா நல்லாத்தான் இருக்கும்.